கன்னம் சிவந்தால் குற்றவாளியா?

திங்கட்கிழமை காலை. தமிழ்ப்பள்ளி ஒன்றில் சபைகூடல் நடந்துகொண்டிருக்கிறது. மாவட்ட அளவிலான பேச்சுப்போட்டியில் இரண்டாம் பரிசு பெற்ற ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனைத் தலைமையாசிரியர் மேடைக்கு அழைக்கிறார். "நம் பள்ளிக்குப் பெருமை சேர்த்த பிள்ளை" என்று தோளில் கை வைத்துச் சொல்கிறார். மாணவர்கள் எல்லாரும் கைதட்டுகிறார்கள். பையன் தலையைக் குனிந்துகொள்கிறான். அவன் காதுமடல் இரண்டும் சிவந்து, கன்னம் பளபளவென்று மின்னுகிறது. கீழே நின்ற வகுப்பாசிரியை பக்கத்திலிருந்த ஆசிரியையிடம், "எவ்வளவு அடக்கம் பாருங்கள்!" என்று மெச்சிக்கொள்கிறார்.

அதே வாரம் வியாழக்கிழமை. சுற்றுலாவுக்காக மாணவர்களிடம் வசூலித்த பணத்தில் 50 வெள்ளி குறைகிறது. மேசையின் மேல் வைத்திருந்த உறையைக் காணவில்லை. ஓய்வு நேரத்தில் வகுப்பறையில் யார் இருந்தார்கள் என்று வகுப்பாசிரியை கேட்கிறார். அவர் பார்வை ஒவ்வொரு முகமாக நகர்ந்து வந்து அந்தப் பையன் மேல் நிற்கிறது. அவ்வளவுதான். அதே காதுமடல், அதே கன்னம், அதே சிவப்பு. "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்ற பழமொழி ஆசிரியையின் நினைவுக்கு வருகிறது. முப்பது பிள்ளைகளும் திரும்பி அவனைப் பார்க்கிறார்கள். சிவப்பு இன்னும் கூடுகிறது.

இப்படி ஒரு பையனை எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம். திங்கட்கிழமை அடக்கத்திற்குச் சான்றாக இருந்த அதே சிவப்பு, வியாழக்கிழமை திருட்டுக்குச் சான்றாக மாறிவிட்டது. இரண்டு நாளும் அவன் உடம்பில் நடந்தது ஒன்றேதான். அப்படியானால் அந்தச் சிவப்பு உண்மையில் எதைச் சொல்கிறது? அவன் ஏன் அதை அடக்கிக்கொள்ள முடியவில்லை?

தோலுக்கு அடியில் நடப்பது

நம் உடலில் நாம் நினைத்தால் இயங்கும் பகுதிகள் உண்டு. நம் அனுமதிக்குக் காத்திராமல் தாமாகவே இயங்கும் பகுதிகளும் உண்டு. கையைத் தூக்குவது முதல் வகை. இதயம் துடிப்பது, உணவு செரிப்பது, வியர்ப்பது ஆகியவை இரண்டாம் வகை. இரத்தக் குழாய்கள் சுருங்குவதும் விரிவதும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவற்றை நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். அதிலும் 'பரிவு நரம்புகள்' என்று மருத்துவ நூல்கள் சொல்லும் பிரிவுதான் ஆபத்து, அவசரம், பரபரப்பு என்று வந்தால் முதலில் விழித்துக்கொள்கிறது.

பொதுவாக இந்த நரம்புகள் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது விரல்கள் சில்லிட்டுப் போவது அதனால்தான். திடீரென்று பயந்தவர் முகம் பேயறைந்தது போல் வெளிறுவதும் அதனால்தான். ஆனால் முகத்திற்கு ஒரு தனித்தன்மை இருக்கிறது. கன்னம், காது, நெற்றி, கழுத்து ஆகிய இடங்களில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மிக நெருக்கமாகவும் தோலின் மேற்பரப்பை ஒட்டியும் அமைந்துள்ளன. அங்கே குழாய்களைச் சுருக்கும் நரம்புகளோடு, விரிக்கும் நரம்புகளும் சேர்ந்து ஓடுகின்றன. போதாக்குறைக்கு, அட்ரினலின் போன்ற சுரப்புகள் பட்டவுடன் தளர்ந்து விரியும் தன்மையும் முகத்தின் சிரைகளுக்கு இருக்கிறது.

எனவேதான் வெட்கப்படும் வேளையில் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஒரே ஆளின் கை குளிர்ந்திருக்கும், கன்னம் கொதிக்கும். மேடையில் மாலை வாங்கும்போது இதை அனுபவித்தவர்கள் பலர் இருப்பார்கள். விரிந்த குழாய்களில் இரத்தம் குப்பென்று பாய்ந்து நிறைகிறது. நிறம் முதலில் ஏறுகிறது. சூடு சற்றுப் பின்னால் வந்து சேர்கிறது. "ஐயோ, முகம் சூடாகிறதே" என்று நாம் உணரும்போது எதிரில் இருப்பவர் அதை ஏற்கெனவே பார்த்து முடித்திருப்பார்!

நரம்புதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். விபத்தாலோ நோயாலோ முகத்தின் ஒரு பக்கத்திற்குச் செல்லும் பரிவு நரம்பு மட்டும் பழுதுபட்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். வெயிலில் நடந்தாலோ உடற்பயிற்சி செய்தாலோ அவர்களுக்குப் பாதி முகம் மட்டுமே சிவக்கும். மூக்கின் நடுவே கோடு கிழித்தது போல் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறுபக்கம் பழைய நிறத்திலும் இருக்கும். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் லான்ஸ், பீட்டர் டிரம்மண்ட் ஆகியோர் இத்தகைய நோயாளிகளை ஆராய்ந்து 1980-களில் எழுதினார்கள். நரம்பு அறுந்த பக்கத்தில் இரத்தம் பாய்வதில்லை. அந்த நரம்பு வழியாகத்தான் கட்டளை வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். சம்பல் காரத்தில் முகம் சிவப்பதும், நம் நாட்டில் சீன நண்பர்கள் சிலருக்கு ஒரு குவளை பீர் குடித்தவுடன் முகம் செக்கச் செவேலென்று ஆவதும் வேறு வகை. முன்னது காரம் நாக்கிலும் வாயிலும் உள்ள நரம்புகளைத் தூண்டுவதால் வருவது. பின்னது மதுவை உடல் முழுமையாகச் சிதைக்க முடியாததால் தேங்கும் ஒரு பொருளால் வருவது. அவற்றுக்கு வெட்கமும் தேவையில்லை, எதிரில் ஆளும் தேவையில்லை.

யார் பார்த்தார்கள்?

வெட்கச் சிவப்பைப் பற்றி முதன்முதலில் விரிவாகச் சிந்தித்தவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். பரிணாமக் கொள்கையால் புகழ்பெற்ற அவர், 1872-இல் மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் விதம் குறித்து ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு முழு அத்தியாயமே இதற்காக ஒதுக்கப்பட்டது. கோபம், பயம், பாசம் ஆகியவற்றை விலங்குகளிடமும் கண்ட டார்வின், வெட்கத்தில் சிவப்பதை மட்டும் மனிதனுக்கே உரியதாகக் கருதினார். கைக்குழந்தைகளிடம் அது இல்லை என்பதையும் அவர் கவனித்தார். குழந்தை அழுது அழுது சிவக்கும். ஆனால் வெட்கத்தில் சிவக்காது. 'நான்' என்ற ஒருவரை மற்றவர் பார்க்கிறார் என்ற உணர்வு வந்த பிறகுதான் அது தொடங்குகிறது.

நாம் நம்மைப் பற்றி நினைப்பதால் முகம் சிவப்பதில்லை. பிறர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று நினைப்பதால்தான் சிவக்கிறது என்பது டார்வின் வந்தடைந்த முடிவு. இந்த ஒரு கருத்தை வைத்துப் பார்த்தால் பாராட்டும் பிடிபடுதலும் ஏன் ஒரே பலனைத் தருகின்றன என்பது விளங்கத் தொடங்கும்.

பிடிபட்டவன் சிவப்பதில் நமக்கு வியப்பில்லை. பாராட்டப்பட்டவன் ஏன் சிவக்க வேண்டும்? நல்ல செய்திதானே? அமெரிக்க உளவியலாளர் மார்க் லியரியும் அவருடைய சகாக்களும் 1992-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். அவர்கள் சொன்னது இதுதான்: நல்லதோ கெட்டதோ, நாம் விரும்பிக் கேட்காத கவனம் நம் மேல் விழும்போது முகம் சிவக்கிறது.

மேடையில் நிற்கும் பையனை நினைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்திற்கு முன் வரிசையில் நின்ற பல பேரில் அவனும் ஒருவன். இப்போது அத்தனை கண்களும் அவன் ஒருவன் மேல். கையை எங்கே வைப்பது? சிரித்தால் கர்வம் என்பார்களா? சிரிக்காவிட்டால் திமிர் என்பார்களா? போட்டியில் இரண்டு வரிகளை மறந்து விழித்தது அவனுக்கு மட்டும் தெரியும். தலைமையாசிரியர் சொல்லும் அந்தப் பெருமைக்குரிய பிள்ளையும், தனக்குத் தெரிந்த தானும் ஒன்றல்ல என்பது அவனுக்குத் தெரியும். அந்த இடைவெளியில் அவன் அகப்பட்டுக்கொள்கிறான். பாராட்டும் ஒரு வகையில் பிடிபடுதல்தான்.

பார்வைக்கு இருக்கும் வலிமையைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பெர்த் நகரிலுள்ள மர்டோக் பல்கலைக்கழகத்தில் மேலே சொன்ன டிரம்மண்ட் நடத்திய ஓர் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்களின் முகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் அருகிலிருந்து உற்றுப் பார்த்தார்கள். உற்றுப் பார்க்கப்பட்ட பக்கத்தில் மறுபக்கத்தை விட அதிக இரத்தம் பாய்ந்தது! அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. யாரும் எதையும் குற்றம் சாட்டவும் இல்லை. ஒருவர் பார்த்தார், அவ்வளவே.

பாட்டுப் பாட வைப்பது இத்துறை ஆய்வாளர்களுக்குப் பிடித்த இன்னொரு வழி. 1990-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கலந்துகொண்டவர்களைத் தேசிய கீதம் பாடச் சொல்லிப் படமெடுத்தார்கள். பிறகு மற்றவர்களோடு உட்கார வைத்து அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கன்னத்தில் பொருத்திய கருவிகள் நிறமும் சூடும் ஏறுவதைக் காட்டின. பயமூட்டும் திரைப்படக் காட்சியைப் பார்த்தபோது அந்த அளவுக்கு ஏறவில்லை. பயத்தை விடத் தன் குரலையே பிறரோடு சேர்ந்து கேட்பது கன்னத்திற்குச் சூடு!

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிலிட்சா நிகோலிச்சும் அவருடைய குழுவினரும் 2024-இல் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டு சென்றார்கள். 16 முதல் 20 வயதுக்கு உட்பட்ட பெண்களைக் கரவோக்கே பாட வைத்தார்கள். வேண்டுமென்றே கடினமான பாடல்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் அவர்களை மூளைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, அவர்கள் பாடியதையும் வேறு சிலர் பாடியதையும் காட்டினார்கள். தாம் பாடியதைப் பார்த்தபோதுதான் கன்னம் அதிகம் சூடேறியது. சூடு ஏற ஏற, சிறுமூளையிலும் கண்ணால் காண்பதை முதலில் வாங்கிக்கொள்ளும் பகுதியிலும் செயல்பாடு கூடியது. பிறர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று நாம் ஊகிக்கும்போது வழக்கமாக இயங்கும் பகுதிகள் மட்டும் அப்படித் தனித்து எழும்பவில்லை.

இது டார்வினின் கருத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது. "அவர்கள் என்ன நினைப்பார்களோ" என்று யோசித்து முடித்த பிறகுதான் சிவக்க வேண்டும் என்பதில்லை. தான் வெளிச்சத்தில் நிற்கிறோம் என்று தெரிந்த கணமே போதும் போலிருக்கிறது. யோசனை பின்னால் ஓடி வருகிறது. ஓர் ஆய்வால் 150 ஆண்டு விவாதம் முடிந்துவிடாது. கருவிக்குள் தனியாகப் படுத்திருப்பது மேடையில் நிற்பதற்குச் சமமும் அல்ல. ஆனால் முகச் சிவப்பு நம் சிந்தனையை விட வேகமானது என்பது, அதை அனுபவித்த எவருக்கும் புதிய செய்தியாக இருக்காது.

அடக்கப் பார்த்தால்?

புன்னகையைப் பொய்யாகக் காட்டலாம். முகத்தசைகள் நம் சொல்லைக் கேட்கும். நல்ல நடிகரால் கண்ணீரையும் வரவழைத்துவிட முடியும். பரதநாட்டியக் கலைஞர் நாணத்தைக் காட்ட வேண்டுமானால் கண்ணைத் தாழ்த்துவார், கழுத்தைச் சாய்ப்பார், விரலால் முகத்தை மறைப்பார். நாம் அதை நம்பி ரசிக்கிறோம். ஆனால் நினைத்த நொடியில் கன்னத்தைச் சிவக்க வைக்க அவராலும் முடியாது. அதற்குத்தான் ஒப்பனைப் பெட்டியில் செஞ்சாயம் இருக்கிறது. இரத்தக் குழாயின் சுவரில் இருக்கும் தசை, கை கால் தசையைப் போன்றதல்ல. நம் விருப்பம் போய்ச் சேரும் பாதை அதற்கு இல்லை. வரவழைக்கவும் முடியாது, வந்ததை நிறுத்தவும் முடியாது.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. டார்வினே அதைச் சுட்டிக்காட்டினார். அடக்க வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் நம் கவனம் முழுவதும் நம் முகத்தின் மேல் திரும்புகிறது. எந்தக் கவனம் சிவப்பை உண்டாக்கியதோ அதே கவனத்தை நாமும் சேர்ந்து ஊட்டுகிறோம். சிவக்கக்கூடாது, சிவக்கக்கூடாது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருப்பது அடுப்பை அணைக்க எண்ணெய் ஊற்றுவது போலாகிவிடுகிறது. திருமண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்கள் இதை நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். "டேய், முகத்தைப் பாருடா, சிவந்து போச்சு!" என்று ஒருவன் சொன்னால் போதும்; சிவக்காதவனும் சிவப்பான்.

அவர்களுக்கு அது வேடிக்கை. ஆனால் இதே பயத்தினால் கூட்டங்களைத் தவிர்ப்பவர்களும், பதவி உயர்வு கேட்கப் போகாதவர்களும் இருக்கிறார்கள். சிவந்துவிடுவோமோ என்ற அச்சத்திற்கு மருத்துவத்தில் தனிப்பெயரே உண்டு. நெதர்லாந்தில் இத்தகையவர்களையும் மற்றவர்களையும் பரபரப்பான சூழலில் வைத்துக் கருவிகளால் அளந்து பார்த்தார்கள். அச்சப்படுகிறவர்கள் மற்றவர்களை விட அதிகமாகச் சிவந்ததாகக் கருவி காட்டவில்லை. அதிகமாகச் சிவந்ததாக அவர்கள்தாம் உணர்ந்தார்கள். அதனால் அங்குள்ள உளவியலாளர்கள் கவனத்தை முகத்திலிருந்து செய்யும் வேலைக்குத் திருப்பும் பயிற்சியைத் தருகிறார்கள். எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதிலேயே மனத்தை நிறுத்தப் பழக்குகிறார்கள். சிவப்பை நிறுத்துவது அதன் நோக்கமன்று. சிவந்தபடியே பேசி முடிப்பதுதான்.

நரம்பையே அறுத்துவிடும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. மார்புக்கூட்டுக்குள் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பரிவு நரம்புச் சங்கிலியைக் கருவி நுழைத்துத் துண்டிப்பார்கள். 1990-களில் சுவீடனில் இது பலருக்குச் செய்யப்பட்டது. பலருக்கு முகச் சிவப்பு குறையவும் செய்தது. ஆனால் முகத்தில் நின்றுபோன வியர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் பெருகத் தொடங்குவது அதன் பொதுவான பக்க விளைவு. சிலருக்குச் சட்டை நனைந்து போகும் அளவுக்கு. நம் நாட்டு வெப்பத்தில் அது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அறுத்த நரம்பை மீண்டும் ஒட்ட வைப்பது எளிதல்ல. ஆகவே மற்ற எல்லா வழிகளையும் முயன்று பார்த்த பிறகே மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேச வேண்டும்.

கறுத்த முகத்தில் சிவப்பு

"நம்மவர்கள் முகத்தில் இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?" என்று சிலர் சிரிக்கக்கூடும். கேள்வி நியாயமானதே. மாநிறத்திலும் கறுப்பிலும் உள்ள முகங்களில் சிவப்பு எளிதில் தெரிவதில்லை. ஆனால் தெரியாமலிருப்பதும் நடக்காமலிருப்பதும் ஒன்றல்ல. வெள்ளைத் தோலினரையும் கருந்தோலினரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், இரத்தம் பாய்வது இருவருக்கும் பொதுவாகவே இருந்தது. கருந்தோலினர் அதை நிறமாக அன்றிச் சூடாக உணர்ந்து சொன்னார்கள். நம் வழக்கிலும் "முகம் குப்பென்று ஆகிவிட்டது", "காதெல்லாம் சூடாகிவிட்டது" என்றுதானே சொல்கிறோம்? காதுமடலும் உள்ளங்கன்னமும் சற்று வெளுத்த நிறமுள்ளவர்களுக்கு அங்கே மட்டும் வெளியே தெரியும். மற்றவர்களுக்குப் பளபளப்பும் தாழ்ந்த கண்ணும் மட்டும் தெரியும். நாம் அதை 'அசடு வழிகிறது' என்று சொல்லிவிடுகிறோம்.

டார்வின் இது குறித்து ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். அவருக்கு முன்பே 1839-இல் முகச் சிவப்பைப் பற்றித் தனி நூல் எழுதிய தாமஸ் பர்ஜஸ் என்ற மருத்துவர், கறுப்பினப் பெண் ஒருவரைக் கவனித்து வந்தார். அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு தழும்பு இருந்தது. தழும்பில் தோலின் கருநிறம் இல்லாததால் அடியில் ஓடும் இரத்தம் வெளியே தெரிந்தது. யாராவது அவரிடம் திடீரென்று கடுமையாகப் பேசினாலோ, ஏதாவது அற்பக் குற்றம் சாட்டினாலோ, அந்தத் தழும்பு மட்டும் ஒவ்வொரு முறையும் சிவந்தது. முகத்தின் மற்றப் பகுதி எதையும் காட்டவில்லை.

பர்ஜஸின் குறிப்பில் கவனிக்க வேண்டிய சொல் 'சாட்டினால்' என்பது. குற்றம் செய்தபோது என்று அவர் எழுதவில்லை.

மன்னிப்பும் சந்தேகமும்

அடக்கவே முடியாத, ஆளைக் காட்டிக்கொடுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு மனிதனுக்கு எதற்கு? நெதர்லாந்தைச் சேர்ந்த கோரின் டைக், பீட்டர் டி ஜாங் ஆகியோரின் ஆய்வுகள் இதற்கு ஒரு பாதிப் பதிலைத் தருகின்றன. 2011-இல் வெளிவந்த ஆய்வில் பணம் வைத்து ஆடும் ஒரு கணினி விளையாட்டு இருந்தது. எதிராளி துரோகம் செய்துவிடுகிறார். பிறகு அவருடைய முகப்படம் காட்டப்படுகிறது. முகம் சிவந்திருந்த எதிராளியை, சிவக்காதவரை விட அதிகமாக நம்பி, அடுத்த ஆட்டத்தில் கூடுதல் பணத்தை ஒப்படைத்தார்கள். வாயால் கேட்கும் மன்னிப்பை யாரும் கேட்கலாம். சிவப்பைப் பொய்யாகக் காட்ட முடியாது என்பதால்தான் அதற்கு மதிப்பு. செய்தது தவறென்று இவருக்கே உறைத்திருக்கிறது என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்கிறார்.

ஆனால் அங்கே தவறு நடந்தது எல்லாருக்கும் தெரியும். தவறு செய்தது யார் என்றே தெரியாத இடத்தில் என்ன ஆகும்? இதையும் டி ஜாங் ஆராய்ந்து 2003-இல் எழுதியிருக்கிறார். நிலைமை இரண்டு விதமாகவும் இருக்கலாம் என்ற சந்தேகமான சூழலில், சிவந்தவரையே குற்றவாளி என்று மக்கள் முடிவு கட்டினார்கள். தெரிந்த தவறுக்கு மன்னிப்பு வாங்கித் தரும் சிவப்பு, தெரியாத தவறைத் தலையில் கட்டியும் விடுகிறது. வியாழக்கிழமை வகுப்பறையில் நடந்தது இரண்டாவது வகை.

இப்போது அந்த வகுப்பறையில் என்ன நடந்தது என்பதை நிதானமாகப் பார்ப்போம். ஆசிரியை வரிசையாக எல்லார் முகத்தையும் பார்த்து வந்தார். அந்தப் பையன் மேல் சற்றுக் கூடுதலாகப் பார்வை நின்றது. ஒருவேளை அவன் முன் வரிசையில் இருந்ததால் இருக்கலாம். பார்க்கப்பட்டதால் அவன் சிவந்தான். சிவந்ததால் ஆசிரியை இன்னும் உற்றுப் பார்த்தார். அதனால் வகுப்பே திரும்பியது. தன் மேல் சந்தேகம் விழுகிறது என்று இப்போது அவனுக்கும் தெரிந்துவிட்டது. குற்றமற்றவனுக்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா சிவப்பதற்கு? ஒரு படி அடுத்த படிக்குச் சான்றாகிக்கொண்டே போனது. தொடக்கத்தில் எந்தச் சான்றும் இல்லை.

உண்மையைக் கண்டுபிடிக்க விரும்பும் ஆசிரியரோ பெற்றோரோ இதிலிருந்து வெளியே வர வழியுண்டு. இந்தப் பிள்ளை பாராட்டும்போதும் சிவக்கிறதா என்று நினைத்துப் பார்க்கலாம். ஆமென்றால், அந்தச் சிவப்பு அவன் சுபாவத்தைச் சொல்கிறதே தவிர இன்றைய செய்தியைச் சொல்லவில்லை. எல்லார் முன்னிலையிலும் கேட்பதை விட்டுத் தனியே அழைத்து, ஆற அமரக் கேட்கலாம். சிவப்பு பொதுவாகச் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை வேறு எதையாவது பேசலாம். பிறகு நிறத்தை விட்டு விடையைக் கவனிக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய், சிற்றுண்டிச் சாலையில் என்ன வாங்கினாய் என்பவற்றைப் பிறரிடம் கேட்டுச் சரிபார்க்க முடியும். கன்னத்தை அப்படிச் சரிபார்க்க முடியாது. கூடவே, துளியும் சிவக்காமல் நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசும் பிள்ளை அதனாலேயே உத்தமன் ஆகிவிடவும் மாட்டான்.

அன்று பள்ளி முடியும் வேளையில் உறை கிடைத்துவிட்டது. வருகைப் பதிவேட்டின் அட்டைக்கும் உறைத்தாளுக்கும் நடுவே செருகிக் கிடந்தது. காலையில் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தவர் ஆசிரியையே. மறுநாள் காலை வகுப்பு தொடங்கியதும், "நேற்று நான் உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளப்பா" என்று எல்லார் எதிரிலும் சொன்னார். "பரவாயில்லை டீச்சர்" என்றான் பையன். முப்பது பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதுமடல் இரண்டும் மறுபடி சிவந்துவிட்டன. ஆசிரியையின் முகமும் அப்போது சூடாகத்தான் இருந்திருக்கும். அவர் நிறம் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.